பதினேழு எஸ்எஸ்டிகளை அழித்த பிறகும் தீராத ஓர் எரிச்சல்

போன வாரம் திருமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பன் போன் செய்தான். "மாப்ள, எடிட்டிங் லேப்டாப்ல இருந்து கழட்டுன 240 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு சும்மா கிடக்கு. ஒருத்தர் விலைக்குக் கேக்குறாரு. ஃபார்மட் போட்டுக் குடுத்துரவா?"

அதில் என்ன இருந்தது என்று கேட்டேன். "கல்யாண போட்டோ, அப்புறம் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தவங்களோட ஆதார் ஸ்கேன். வேற ஒண்ணுமில்ல" என்றான். ஆதார் அவனுக்கு ஒண்ணுமில்லை!

வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு வரிக் கணக்கு ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஊர்க்காரர்களின் பான் எண்ணும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அடைந்து கிடக்கும் எஸ்எஸ்டிகளை ஆறு வருஷமாக அழித்து வருகிறேன். இதுவரை பதினேழு. நண்பனுக்கு போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் மேலே மேலே எழுதி அழிப்பது நல்ல வழி. எந்த இடத்தில் எழுதச் சொல்கிறோமோ அங்கேயே எழுதும். எஸ்எஸ்டி அப்படி இல்லை. எங்கள் ஆபீஸில் முன்பு ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். பத்தாம் பக்கத்தைத் திருத்தித் தாருங்கள் என்றால் புதுத் தாளில் எழுதி, அட்டவணையில் "பத்தாம் பக்கம் இப்போது இங்கே" என்று குறித்துவிட்டு, பழைய தாளைப் பரணில் போட்டுவிடுவார். எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் செய்வதும் அதேதான். ஒரே இடம் தேய்ந்துபோகக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் எழுதும். பழையது அங்கேயே கிடக்கும், அந்த பிளாக் மொத்தமாகக் காலியாகும் வரை. 240 ஜிபி என்று விற்கும் டிரைவ்களில் பெரும்பாலும் சுமார் 275 ஜிபிக்கான சிப்கள் இருக்கும். மிச்சம் 35 ஜிபி அதன் சொந்த உபயோகத்துக்கு. அந்தப் பரணுக்கு நாம் எழுதுவது போய்ச் சேருமா என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது.

கன்ட்ரோலரிடமே "எல்லாவற்றையும் அழி" என்று சொல்வதற்கு ஒரு கட்டளை டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. சாட்டா டிரைவ் என்றால் அதன் பெயர் செக்யூரிட்டி இரேஸ். பென்டிரைவில் லினக்ஸ் போட்டு அதில் பூட் செய்து, ரூட்டாக இரண்டே வரி, இதில் `/dev/sdb` என்பது அழிக்க வேண்டிய டிரைவ்:

```
hdparm --user-master u --security-set-pass mdu /dev/sdb
hdparm --user-master u --security-erase mdu /dev/sdb
```

முதல் வரி தற்காலிகமாக ஒரு பாஸ்வேர்ட் வைக்கிறது. அது இல்லாமல் இரண்டாவது வரி நடக்காது. அழித்து முடித்ததும் பாஸ்வேர்டும் தானாகப் போய்விடும். மேலே எழுதி அழிக்க உட்கார்ந்தால் நெடுநேரம் போகிற வேலை, என்னிடம் வந்த நல்ல டிரைவ்களில் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது. முதல் தடவை நான் நம்பவே இல்லை. இந்தக் கட்டளை மேல் எனக்கு இருக்கும் பாசம் அன்று ஆரம்பித்தது.

இப்போது எரிச்சல். கட்டளை கொடுக்கும் முன் `hdparm -I /dev/sdb` அடித்தால் கடைசியில் பாதுகாப்பு நிலைமை வரும். பத்துக்கு ஒன்பது தடவை இப்படித்தான்:

```
	not	enabled
	not	locked
		frozen
```

அந்த மூன்றாவது வரியில் `not` இல்லையென்றால் மேலே சொன்ன இரண்டு வரியும் பிழை காட்டித் திரும்பும். காரணம் நியாயமானதுதான், மறுக்கவில்லை. ஏதாவது வைரஸ் நம் டிரைவுக்குப் பாஸ்வேர்ட் வைத்துப் பூட்டிவிடக் கூடாது என்பதற்காக, கம்ப்யூட்டர் கிளம்பும்போதே பயாஸ் டிரைவை உறையவைத்து விடுகிறது. ஆனால் அதை நீக்க முறையான வழி ஒன்று கொடுக்க வேண்டாமா? பெரும்பாலான பயாஸ்களில் அதற்கு ஒரு மெனு கூடக் கிடையாது.

அதனால் எல்லோரும் செய்வது ஒரு குறுக்குவழி. கம்ப்யூட்டரைத் தூங்கவைத்து எழுப்புவது. `systemctl suspend` அடித்தால் திரை அணையும், டிரைவுக்கு மின்சாரம் நிற்கும். எழுப்பும்போது டிரைவ் புதிதாகக் கிளம்பும், பயாஸ் பல கம்ப்யூட்டர்களில் மறுபடி உறையவைக்க மறந்துவிடும். லேப்டாப்பில் மூடியை மூடித் திறந்தாலே பெரும்பாலும் போதும். டிரைவின் பாதுகாப்பையே ஒரு மறதியை நம்பித்தான் தாண்டுகிறோம் என்பது ஆறு வருஷமாக என் தொண்டையில் முள்.

எங்கள் ஆபீஸில் ஒரு பழைய டெஸ்க்டாப் தூங்கினால் எழுந்திருக்காது. அதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரைவின் பவர் ஒயரை மட்டும் உருவி, பத்து எண்ணி, திரும்பச் செருகுவேன். பெருமையாகச் சொல்லவில்லை, இது கை நடுங்கும் வேலை. அதிலும் ஒரு பொறி உண்டு. திரும்பச் செருகிய டிரைவ் `sdb` என்ற பழைய பெயரில் வராமல் `sdc` ஆகிவிடலாம். ஒவ்வொரு முறையும் `lsblk` அடித்து அளவையும் மாடலையும் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. முடிந்தால் மற்ற டிரைவ்களைக் கழற்றியே வைத்துவிடுங்கள்.

2021 ஐப்பசி மழையில் ஒரு நாள் பாஸ்வேர்ட் வைக்கும் வரியை அடித்துவிட்டு, அழிக்கும் வரியை அடிக்கக் கை வைத்தபோது கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது, அது என் தப்பு. கரண்ட் வந்து பூட் செய்தால் டிரைவில் எதைப் படித்தாலும் பிழை. நிலைமையில் `enabled`, `locked` என்று இரண்டும். டிரைவ் செத்துவிட்டது என்று நினைத்து ஒரு மணி நேரம் வீணாக்கினேன். உண்மையில் ஒன்றும் ஆகவில்லை. பூட்டிய நிலையிலும் அழிக்கும் கட்டளை வேலை செய்யும், அதே பாஸ்வேர்டைக் கொடுத்தால் போதும். `mdu` கொடுத்து அழித்தேன், பூட்டும் போய்விட்டது. அன்றிலிருந்து எல்லா டிரைவுக்கும் அந்த மூன்று எழுத்துதான். புத்திசாலித்தனமாகப் பாஸ்வேர்ட் வைத்து மறந்தால் டிரைவ் காயலான் கடைக்குத்தான். யூஎஸ்பி கேபிள் வழியாக இதைச் செய்யாதீர்கள் என்பதும் இதனால்தான். அந்த அடாப்டர்களில் பல இந்தக் கட்டளையை உள்ளே விடாது, சில பாதியில் விட்டுவிடும்.

அழிந்ததா என்று எப்படித் தெரியும்? அழிக்கும் முன் டிரைவ் முழுக்க ஓர் அடையாளச் சொல்லை நிரப்புவேன். இடம் தீர்ந்தது என்று பிழை வந்து நிற்கும், அது சரிதான்.

```
yes MADURAI625001 | dd of=/dev/sdb bs=1M iflag=fullblock
```

அழித்த பின் `hexdump -C /dev/sdb` ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போவேன். ஒரே மாதிரி வரிகளை அது நட்சத்திரம் போட்டுச் சுருக்கிவிடும். அதனால் 240 ஜிபியும் வெறும் பூஜ்யம் என்றால் திரையில் மூன்றே வரிதான்:

```
00000000  00 00 00 00 00 00 00 00  00 00 00 00 00 00 00 00  |................|
*
37e4896000
```

கடைசி வரி டிரைவின் மொத்த நீளம். இந்த மூன்று வரியைப் பார்க்கும்போது வரும் நிம்மதி இருக்கிறதே, வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

பதினாறு தடவை அது வந்தது. ஒன்றில் வரவில்லை. பெயர் சொல்ல மாட்டேன், மலிவாக வாங்கிய டிரைவ். கட்டளை ஒரு நொடியில் முடிந்தது, பிழை எதுவும் இல்லை, நிலைமையும் சுத்தம். `hexdump` ஓட்டினால் MADURAI625001, MADURAI625001 என்று சாய்வாக, ஒவ்வொரு வரியிலும் இரண்டு எழுத்து தள்ளித் தள்ளி, நிற்காமல் ஓடியது. அத்தனையும் அப்படியே இருந்தது.

எனக்கு மட்டும் நடந்ததல்ல. 2011-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தினர் பன்னிரண்டு எஸ்எஸ்டிகளை எடுத்து, இந்தக் கட்டளை இருந்தவற்றை அழித்து, சிப்களை நேராகப் படித்துப் பார்த்தார்கள். அதில் ஒன்று "வெற்றி" என்று சொல்லிவிட்டு எல்லா டேட்டாவையும் அப்படியே வைத்திருந்தது. என் மூன்று வரி நிம்மதியிலும் அதே ஓட்டை உண்டு. அட்டவணையை மட்டும் கிழித்துவிட்டு, எதைக் கேட்டாலும் பூஜ்யம் என்று பதில் சொல்லும் டிரைவை `hexdump` கண்டுபிடிக்காது. சிப்பைக் கழற்றிப் படிக்கும் கருவி என்னிடம் கிடையாது. கடைசியில், செய்தவன் நேர்மையாகச் செய்திருக்கிறான் என்ற நம்பிக்கைதான்.

அந்தப் பதினேழாவதை நாலு திருகாணி கழற்றி, உள்ளே இருந்த நாலு கருப்பு சிப்பையும் தனித்தனியாக மாடியில் வைத்து அம்மிக்குழவியால் உடைத்தேன். மேல் கூட்டை மட்டும் உடைத்தால் பிரயோஜனமில்லை.

புதிதாக வரும் என்விஎம்இ டிரைவ்களில் பாஸ்வேர்ட் வைக்கும் கூத்து இல்லை. `nvme format /dev/nvme0n1 --ses=1` என்று ஒரே வரி. சானிட்டைஸ் கட்டளை உள்ள டிரைவ் என்றால் இன்னும் நல்லது. நடுவில் கரண்ட் போனாலும் வந்த பிறகு விட்ட வேலையை அது தானே முடிக்கும். 2021-இல் எனக்கு அது கிடைத்திருந்தால் ஒரு மணி நேரம் மிச்சம். புது மெஷின்களில் முதல் நாளே என்கிரிப்ஷன் போட்டுவிடுகிறேன் என்பதால் இவற்றை அழிக்கும்போது பழைய பதற்றம் இல்லை.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், பெரிய பெயருள்ள டிரைவ்களில் இந்தக் கட்டளைக்கு ஐந்தும் கொடுப்பேன். இன்று அந்த `frozen` வரியை மறுபடி பார்த்துவிட்டு வந்திருப்பதால் இரண்டரை. நண்பனிடம் விற்காதே என்றுதான் சொன்னேன். ஆயிரம் ரூபாய்கூடத் தேறாத டிரைவுக்கு ஊர் ஆதாரையெல்லாம் பணயம் வைப்பானேன்? அவன் கேட்கவில்லை, வாக்குக் கொடுத்துவிட்டானாம். சரி, பெரிய கம்பெனி டிரைவ்தான், புது டிரைவைக் கழற்றிவிட்டு இதைத் திரும்ப லேப்டாப்பில் மாட்டு, அழித்துவிட்டே கொடு என்றேன்.

நேற்று ராத்திரி பத்து மணிக்குப் போன். "மாப்ள, நீ சொன்ன வரியை அடிச்சா ஏதோ எர்ரர்னு வருதுடா. மேல frozen-னு வேற போட்டிருக்கு."

"மூடியை மூடு."

"அவ்வளவுதானா? விட்டுரவா?"

"மூடு. பத்து எண்ணித் திற. திரும்பப் பாரு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "டேய், not வந்துருச்சுடா" என்றான்.