இரண்டு கேம்ப் நோட்டீஸ்கள், ஒரு வேலைநாள்

கோடை விடுமுறை முகாமுக்கான இரண்டு நோட்டீஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டிலும் ஓவியம், நடனம், கோடிங் என்று அதே மூன்று வகுப்புகள்தான். இரண்டுமே 3 வாரம். ‘வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இனி கவலை வேண்டாம்’ என்ற வரியும் இரண்டிலும் இருக்கிறது. ஒன்று பளபளப்பான தாளில், சிரிக்கும் குழந்தைகளின் படங்களோடு வந்தது. மற்றொன்று சாதாரண வெள்ளைத் தாள், ஒரே நிறம், பின்பக்கமும் எழுத்து. எட்டு வயது மகளை எதில் சேர்ப்பது என்று முடிவு செய்ய எனக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நேரம். எனக்கு அலுவலகம் 9:30 முதல் 6 வரை. முகாம் இருக்கும் இடத்திலிருந்து அலுவலகத்துக்கு 40 நிமிடம். ஆக, காலை 8:50-க்குக் குழந்தையை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும், மாலை 6:40-க்குத்தான் திரும்ப முடியும். மொத்தம் 9 மணி 50 நிமிடம். பளபளப்புத் தாளில் ‘காலை 10 முதல் 1 வரை’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. 3 மணி நேரம். மீதி 6 மணி 50 நிமிடத்துக்கு வழி அந்தத் தாளில் இல்லை. ஒரு வகுப்பு மட்டும் தேர்ந்தெடுத்தால் இன்னும் குறைவு, ஒரே ஒரு மணி நேரம்தான். பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு இது நல்ல முகாமாகவே இருக்கலாம். ஆனால் அதில் ‘வேலைக்குப் போகும் பெற்றோருக்கு’ என்று போட்டிருப்பது தப்பு.

வெள்ளைத் தாளில் நேரம் இரண்டாகப் பிரித்துப் போடப்பட்டிருக்கிறது. கதவு திறப்பது 8:30, வகுப்பு தொடங்குவது 10. வகுப்பு முடிவது 4, கதவு மூடுவது 6:30. இந்த நான்கு எண்களும் தனித்தனியாக இருந்தால்தான் கணக்குப் போட முடியும். எனக்கு இன்னும் 10 நிமிடம் இடிக்கிறது. அதற்கும் ஒரு வரி உண்டு: ‘6:30-க்குள் வர முடியாவிட்டால் போன் செய்யுங்கள், 7 மணி வரை ஒரு பொறுப்பாளர் குழந்தையோடு இருப்பார்.’ இந்த வரியைப் படித்தபோதுதான் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

சரி, 4 மணிக்கு மேல் குழந்தையோடு யார் இருப்பார்கள்? இதைப் பலர் கேட்பதில்லை. பல முகாம்களில் ஓவிய ஆசிரியரும் நடன ஆசிரியரும் மணிக்கணக்குக்கு வருபவர்கள். வகுப்பு முடிந்ததும் போய்விடுவார்கள். ‘10 குழந்தைகளுக்கு ஒரு ஆசிரியர்’ என்று நோட்டீஸ் சொல்வது வகுப்பறைக் கணக்கு. மாலை 5:30-க்கு 30 குழந்தைகளோடு ஒரே ஒருவர் நிற்கலாம். பகல்நேர முகாம்களுக்கு அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் பரிந்துரைக்கும் அளவு, 6 முதல் 8 வயது வரை 8 குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர், 9 முதல் 14 வயது வரை 10 பேருக்கு ஒருவர். இதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு இடத்துக்கும் போன் செய்தேன். பளபளப்புத் தாளில் இருந்த எண்ணை எடுத்தவர், “எங்ககிட்ட நல்ல ஸ்டாஃப் இருக்காங்க மேடம், பயப்படாதீங்க” என்றார். வெள்ளைத் தாள்காரர், “4 மணிக்கு அப்புறம் 3 பேர் இருப்போம், பாதிக் குழந்தைகள் 5 மணிக்குள்ளேயே போயிடுவாங்க, கடைசியில 12 பேர்தான் இருப்பாங்க” என்றார். இந்த விவரம் அவர்கள் தாளிலேயே அச்சாகியிருக்க வேண்டும். அது இல்லாதது அந்த நோட்டீஸின் குறைதான்.

அடுத்தது, குழந்தையை யாரிடம் ஒப்படைக்கிறார்கள் என்பது. போன வருடம் வேறொரு முகாமில் மகளைக் கூட்டிவர என் தம்பியை அனுப்பியிருந்தேன். அவன் போக 25 நிமிடம் தாமதம். கேட் பக்கத்துப் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் தனியாக உட்கார்ந்திருந்தாளாம். “நான் இவளோட மாமா” என்று சொன்னான், அனுப்பிவிட்டார்கள். பேர்கூடக் கேட்கவில்லை. அவன் தாமதமாகப் போனதைக்கூட நான் மறந்துவிட்டேன். யாரும் எதுவும் கேட்காமல் அனுப்பியதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

பளபளப்புத் தாள் இதைப் பற்றி, ‘உங்கள் குழந்தை எங்கள் குழந்தை’ என்று எழுதியிருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதியிருப்பது: ‘சேர்க்கைப் படிவத்தில் நீங்கள் குறிப்பிடும் 3 பேரிடம் மட்டுமே, அடையாள அட்டை பார்த்து, கையெழுத்து வாங்கி அனுப்புவோம். நான்காவது ஆள் வர வேண்டுமானால் நீங்களே பதிவு செய்த எண்ணிலிருந்து அழைத்துச் சொல்ல வேண்டும்.’ முதல் வரி மனதைத் தொடுகிறது. இரண்டாவது, நாளைக்கு அவர்கள் அப்படிச் செய்யவில்லை என்றால் நான் போய்க் கேட்கக்கூடிய வரி. எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

இனி வகுப்புகள். மூன்றில் கோடிங் பற்றித்தான் நோட்டீஸ்கள் அதிகம் மழுப்புகின்றன, அதனால் அதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பளபளப்புத் தாளில் ‘5 முதல் 14 வயது வரை, பைத்தான், கேம் டெவலப்மென்ட், ரோபோட்டிக்ஸ்’ என்று வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். 5 வயதுக் குழந்தை இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறது, 14 வயதுப் பிள்ளை தட்டச்சு செய்கிறான். இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் ஒருவருக்குப் புரியாது, இன்னொருவருக்குச் சலிக்கும். வெள்ளைத் தாளில் 5 முதல் 7 வயதுக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர், 8 முதல் 11-க்கு ஸ்க்ராட்ச், 12-க்கு மேல் பைத்தான் என்று பிரித்திருக்கிறார்கள். ஸ்க்ராட்ச் ஜூனியரும் ஸ்க்ராட்சும் திரையில் கட்டைகளை இழுத்து அடுக்கிக் கோடிங் கற்கும் மென்பொருள்கள், உருவாக்கப்பட்டதே ஏறக்குறைய அந்த வயதுக்காரர்களுக்காகத்தான். முதலாவதில் படம் போட்ட கட்டைகளை நகர்த்தினால் போதும், படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

அதைவிட முக்கியம் கம்ப்யூட்டர் எத்தனை என்பது. போன வருட முகாமில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். என் மகளோடு உட்கார்ந்த பையன் வேகமானவன், மவுஸ் அவன் கையிலேயே இருந்தது. இரண்டு வாரம் முடிந்து வீட்டுக்கு வந்தவளிடம் ஸ்க்ராட்ச் திரையில் வரும் பூனையை நடக்க வைக்கச் சொன்னேன். எந்தக் கட்டையை இழுக்க வேண்டும் என்று வாயால் சரியாகச் சொன்னாள், கை மட்டும் திரையில் எங்கே போவது என்று தெரியாமல் தடுமாறியது. இரண்டு பேர் சேர்ந்து செய்வது தவறு இல்லை. 10 நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கைமாறினால், சொல்பவரும் செய்பவரும் மாறி மாறிக் கற்றுக்கொள்வார்கள். வெள்ளைத் தாளில் ‘ஒருவருக்கு ஒன்று’ என்று இருக்கிறது. பளபளப்புத் தாளில் ‘நவீன கம்ப்யூட்டர் லேப்’ என்று இருக்கிறது, எத்தனை என்று இல்லை.

இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: செய்த வேலை வீட்டுக்கு வருமா? ஸ்க்ராட்சில் கணக்குத் தொடங்காமல் வேலை செய்தால், `File` பட்டியலில் `Save to your computer` என்பதை அழுத்தி `.sb3` கோப்பாக எடுத்து வைக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் பக்கத்தை மூடினால் அத்தனையும் போய்விடும். தினமும் அந்தக் கோப்பை பென் டிரைவிலோ மின்னஞ்சலிலோ தரும் முகாமில், அன்றைக்கு என்ன கற்றாள் என்று ராத்திரி 10 நிமிடத்தில் நாமே திறந்து பார்த்துக்கொள்ளலாம். நாள் முழுக்க வேலையில் இருக்கும் எனக்கு அதுதான் வகுப்பின் ஜன்னல்.

நடனத்தில் நான் பார்ப்பது தரையும் நேரமும்தான். டைல்ஸோ சிமெண்டோ போட்ட தரையில் தினமும் ஒரு மணி நேரம் குதித்தால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்க ஆரம்பிக்கும். மூன்றாம் நான்காம் நாளில் குழந்தை “கால் வலிக்குது” என்றால் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். அடியில் இடைவெளி விட்டுப் போட்ட மரத்தரை நல்லது. அது இல்லாவிட்டால், வழுக்காத பாய் விரித்து, குதிக்கும் அசைவுகளைக் குறைத்துச் சொல்லித்தரலாம். வெள்ளைத் தாளில் தரையைப் பற்றி ஒன்றும் இல்லை. போனில் கேட்டேன், “மரத்தரை இல்லை, பாய் போடுறோம்” என்றார்கள். ஆனால் நடனத்தை அவர்கள் 10 மணிக்கு, வெயில் ஏறும் முன் வைத்திருக்கிறார்கள், நடுவில் இரண்டு முறை தண்ணீருக்கு நிறுத்துவதாகவும் எழுதியிருக்கிறார்கள். பளபளப்புத் தாளில் நடனம் 12 முதல் 1 வரை, அதாவது பசியும் வெப்பமும் சேரும் நேரம். படத்தில் பின்னால் ஒரு பெரிய கண்ணாடி தெரிகிறது, தரை டைல்ஸ்தான்.

ஓவியத்தில் வித்தியாசம் குறைவு. தண்ணீரில் கரையும் போஸ்டர் கலரா, அக்ரிலிக்கா என்று மட்டும் கேட்டேன். அக்ரிலிக் காய்ந்ததும் பிளாஸ்டிக் படலம் மாதிரி ஆகிவிடும், துணியிலிருந்து போகாது. அலுவலகம் முடிந்து வந்து கறை தேய்க்க எனக்கு நேரம் கிடையாது. இரண்டு இடத்திலும் போஸ்டர் கலர்தான், பழைய சட்டை ஒன்று கொடுத்தனுப்பினால் போதும். வெள்ளைத் தாளில் ஓவியம் மதியம் 2:30-க்கு. சாப்பாட்டுக்குப் பின் குதிக்காமல், திரையும் பார்க்காமல் உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் அந்த இடம் சரியாகப் பட்டது.

பளபளப்புத் தாளுக்கு ஒரு விஷயத்தில் மார்க் போட வேண்டும். ‘முதல் 2 நாள் வந்து பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் முழுப்பணமும் திருப்பித் தரப்படும்’ என்று தேதியோடு அச்சிட்டிருக்கிறார்கள். வெள்ளைத் தாளில் பணம் திரும்பக் கிடைக்காது. குழந்தைக்கு இடம் ஒட்டவில்லை என்றால் 3 வாரக் கட்டணமும் போனது போனதுதான். இதற்காகவே ஒரு நாள் தயங்கினேன். கடைசியில் முதல் வாரத்துக்கு மட்டும் கட்டலாமா என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். தாளில் இல்லாததையும் கேட்டால் சில நேரம் கிடைக்கிறது.

மகளை வெள்ளைத் தாள் முகாமில்தான் சேர்த்தேன். கட்டிய பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. பின்பக்கத்தில், கடைசி வரிக்கு முந்திய வரியில்: ‘நிறைவு விழா, கடைசி வெள்ளி காலை 11 மணி. பெற்றோர் அனைவரும் வருக.’ வேலைநாள், காலை 11. அவ்வளவு யோசித்து நோட்டீஸ் எழுதியவர்களும் இந்த இடத்தில் மறந்துவிட்டார்கள். மகள் ஆடும்போது முன்வரிசையில் என் நாற்காலி காலியாக இருப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “கதவு 6:30 வரைக்கும் திறந்துதானே இருக்கு, 5:30-க்கு வைச்சுக்கலாமா?” என்றார். 5:30-க்கும் நான் ஒரு மணி 10 நிமிடம் முன்னதாக அனுமதி வாங்கிக் கிளம்ப வேண்டும். வாங்கிவிட்டேன். மறுநாள் காலை மகளை விடப்போனபோது வாசல் மேசையில் கட்டாக இருந்த நோட்டீஸ்களில் 11 என்பதைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் மாலை 5:30 என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.