ஜெர்மன் ரெஸ்யூமேயா, அமெரிக்க ரெஸ்யூமேயா? இரண்டும் எழுதிப் பார்த்த அனுபவம்

என் லேப்டாப்பில் இரண்டு ஃபைல்கள் இருக்கின்றன. ஒன்று அமெரிக்க பாணியில் ஒரே பக்கம். இன்னொன்று ஜெர்மன்காரர்கள் 'லேபென்ஸ்லாஃப்' என்று சொல்லும் இரண்டு பக்க அட்டவணை. கோவையில் பம்ப் டிசைனில் சில வருடம் ஓட்டிவிட்டு வெளிநாட்டு வேலை தேடியபோது எழுதியவை. இப்போது நான் இருப்பது ஜெர்மனியில், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. இந்த வாரம் ஊரிலிருந்து ஒரு தம்பி, "அண்ணா, போட்டோ ஒட்டணுமா வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க போதும்" என்று கேட்டான். போதாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

போட்டோ, வயது சமாச்சாரத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அமெரிக்காவுக்குப் போட்டோ, பிறந்த தேதி, திருமணம் ஆனதா, அப்பா பெயர் எதுவும் வேண்டாம். பாகுபாடு வழக்குக்குப் பயந்து, போட்டோ வைத்த ரெஸ்யூமேயைப் பார்த்தாலே அங்கே சங்கடப்படுவார்கள். ஜெர்மனியிலும் 2006-இல் சமநடத்தைச் சட்டம் வந்தபிறகு கம்பெனிகள் போட்டோவைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனாலும் வைக்கிறவர்கள் நிறைய பேர். பிறந்த தேதி, ஊர், குடியுரிமை ஆகியவற்றையும் எழுதுவது பழக்கம். நான் போட்டோ வைத்தேன். ஒரே எச்சரிக்கை: ஸ்டுடியோவில் "பாஸ்போர்ட்டா, விசாவா?" என்று கேட்பார்கள், இரண்டும் வேண்டாம். தோள் லேசாகத் திரும்பி, முகத்தில் கொஞ்சம் சிரிப்போடு, பாஸ்போர்ட் சைஸைவிடச் சற்றுப் பெரிதாக எடுத்த படம்தான் இங்கே பொருந்தும். பாஸ்போர்ட் எண், மதம், "மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்" என்ற நம்மூர் உறுதிமொழி எல்லாம் இரண்டு நாட்டுக்குமே தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால், பழைய ஜெர்மன் வழக்கப்படி லேபென்ஸ்லாஃபின் கடைசியில் ஊர், தேதி போட்டுக் கையெழுத்திடுவார்கள். நம் உறுதிமொழியில் வாசகத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அதுதான்.

அப்புறம் தொனி. அமெரிக்க ஃபைலில் நான் எழுதியிருந்த வரி: "வார்ப்பு டிசைனை மாற்றி ரிஜெக்‌ஷனைப் பாதியாகக் குறைத்தேன்." வினைச்சொல், எண், சாதனை. அதே வேலை ஜெர்மன் ஃபைலில், "பம்ப் உறைகளின் வடிவமைப்பு, சாம்பல் வார்ப்பிரும்பு, 3டி மாடல், வரைபடம், வார்ப்பாலையோடு ஒருங்கிணைப்பு" என்று பொறுப்புகளின் பட்டியலாகிவிட்டது. முதலில் எனக்கு இது உப்பில்லாத சாப்பாடு மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது. எண் சொல்லக்கூடாது என்றில்லை, அதை நேர்காணலில் அவர்களே தோண்டி எடுக்கிறார்கள்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை இரண்டையும் நிஜமாகப் பிரிப்பது போட்டோவும் இல்லை, தொனியும் இல்லை. தேதிகள்.

அமெரிக்க ரெஸ்யூமேயில் வருடத்தை மட்டும் போட்டுத் தப்பிக்கலாம். '2015–2018', அடுத்து '2019 முதல்'. நடுவில் என்ன நடந்தது என்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. லேபென்ஸ்லாஃபில் மாதமும் வருடமும் வேண்டும். இடது பக்கம் தேதிப் பத்தி, வலது பக்கம் என்ன செய்தோம் என்பது. படிப்பவரின் கண் முதலில் இடது பத்தியில்தான் மேலிருந்து கீழே ஓடும். அதில் இரண்டு மூன்று மாதம் காணாமல் போனால் அதற்கு அவர்களிடம் தனிச் சொல்லே இருக்கிறது: 'லுக்கெ', இடைவெளி.

என் கதையையே சொல்கிறேன். முதல் கம்பெனி 08/2015 முதல் 11/2018 வரை. அடுத்தது 07/2019-இல் தொடங்கியது. நடுவில் ஏழு மாதம், அப்பாவுக்கு ஆபரேஷன். வீட்டில் இருந்துகொண்டே ஜெர்மன் மொழியின் தொடக்க நிலைகளான ஏ1, ஏ2 படித்தேன். முதல் பிரதியில் அந்த ஏழு மாதத்தை அப்படியே விட்டிருந்தேன், பதிலே வரவில்லை. அது மட்டும்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பிறகு அந்த மாதங்களுக்கும் ஒரு வரி கொடுத்தேன்: '12/2018 – 06/2019, குடும்பத்தினரைப் பராமரித்தல், ஜெர்மன் மொழிப் படிப்பு, ஏ2 சான்றிதழ்'. மன்னிப்புத் தொனி இல்லை, விளக்கம் இல்லை, மற்ற வரிகளைப் போலவே ஒரு வரி. அதன்பின் வந்த இரண்டு நேர்காணல்களிலும் அதைப் பற்றி அரை நிமிடம்தான் பேச்சு.

அதோடு முடியவில்லை. ஜெர்மன் விண்ணப்பம் என்றால் ரெஸ்யூமே தனியாகப் போகாது. பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பழைய கம்பெனிகளின் சான்று எல்லாம் சேர்த்து ஒரே பிடிஎஃப்பாகப் போகும். அங்கே வேலையை விட்டு வருபவர் கேட்டால், செய்த வேலையையும் செய்த விதத்தையும் எடைபோட்டு ஒரு சான்று தருவது முதலாளியின் சட்டக் கடமை. நம் ரிலீவிங் லெட்டரில் இருப்பது பதவியும் தேதியும்தான். அதனால் அவர்கள் அந்தத் தேதியையே பிடித்துக்கொள்வார்கள். என் லெட்டரில் கடைசி நாள் 26.10.2018. நான் 11/2018 என்று எழுதியிருந்தேன், செட்டில்மென்ட் பணம் நவம்பரில் வந்ததால் மனதில் அதுவே நின்றுவிட்டது. ஃபோன் நேர்காணலில் ஓர் அம்மா, மரியாதையாகத்தான், "இந்த ஒரு மாதம் எதில் சேரும்?" என்று கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. திருத்தியபோது வெளியே வந்த தேதி 10/2018 ஆனது, இடைவெளியும் 11/2018-இலேயே தொடங்கி எட்டு மாதமானது. ஆகவே முதலில் லெட்டர்களை மேஜையில் பரப்பி, அவற்றைப் பார்த்துத் தேதிப் பத்தியை எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள்.

மதிப்பெண்ணிலும் ஒரு வழுக்கல் உண்டு. ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சிக் கோடு. நம் 8.2 சிஜிபிஏ அங்கே யாருக்கும் எதையும் சொல்லாது. 10 உச்சம், 5 தேர்ச்சி என்று வைத்தால் கணக்கு இப்படி:

```
1 + 3 × (10 − 8.2) / (10 − 5) = 2.08
```

நான் '8.2 / 10' என்று எழுதிப் பக்கத்தில் 'ஏறத்தாழ 2.1' என்று போட்டேன். பட்டம் தந்த கல்வி நிறுவனம் அங்கே செல்லுமா என்பதை, வெளிநாட்டுப் படிப்புகளைப் பட்டியலிடும் `anabin` என்ற ஜெர்மன் தளத்தில் அதன் பெயரைப் போட்டுப் பாருங்கள். `H+` இருந்தால் அந்த நிறுவனம் அங்கீகரிக்கப்பட்டது, பட்டத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க ஃபைலை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்றால், பராமரிப்பு சுலபம். புது வேலைக்கு ஏற்ப நாலு வரி மாற்றினால் போதும், இணைப்பு எதுவும் கிடையாது. பெர்லினில் சாஃப்ட்வேர் கம்பெனிகளில் இருக்கும் நண்பர்கள் ஆங்கில ஒற்றைப் பக்கத்தை அனுப்பியே வேலை வாங்கினார்கள். என் அனுபவம் நடுத்தர இயந்திரக் கம்பெனிகளோடு நிற்கிறது. ஐரோப்பிய யூனியனின் பொது ரெஸ்யூமே வடிவமான யூரோபாஸ் வார்ப்புருவை ஒரே ஒரு முறை நிரப்பினேன். நாலு பக்கம் நீண்டது, மூடிவிட்டேன்.

கடைசியாக ஒன்று, இனிஷியல். நம் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தை மட்டும் போட்டால் இரண்டு ஃபைலிலுமே குழப்பம். பாஸ்போர்ட்டில் எது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இருக்கிறதோ, அதையே அங்கும் விரித்து எழுதிவிடுங்கள். எனக்கு அது அப்பா பெயர். வேலை உறுதியான கடிதம் "மதிப்பிற்குரிய திரு." என்று தொடங்கி, என் அப்பா பெயரோடு வந்தது. வீட்டில் படித்துக் காட்டியபோது, வேலை தனக்கா எனக்கா என்று அவர் கேட்டார்.