முதிர்ந்த வைப்பு, மூன்று நாள் முந்தைய தேதி: என் பாஸ்புக் காட்டிக்கொடுத்த கதை

கூட்டுறவுச் சங்கத்தில் குறித்தகால வைப்பு வைத்திருப்பவர்கள் இதைப் படியுங்கள். முதிர்வு நாள் நெருங்கிக்கொண்டிருந்தால், சங்கத்துக்குப் போவதற்கு முன்பே படியுங்கள். என் பணம் திரும்பிவர ஏழு மாதம் ஆயிற்று. முதல் நாள் நான் போட்ட ஒரு கையெழுத்துதான் அத்தனைக்கும் காரணம்.

சங்கத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. புகார் இன்னும் முடியவில்லை. அதோடு, எனக்கு நடந்தது எந்தச் சங்கத்திலும் நடக்கக்கூடியது.

2021 மார்ச் 15 அன்று ஒரு லட்சம் ரூபாயை 36 மாதத்துக்கு 8 சதவீத வட்டியில் போட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும். முதிர்வுத் தொகை 1,26,824 ரூபாய் என்று வைப்பு ரசீதிலேயே எழுதியிருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்றே ஒதுக்கிய பணம் அது.

முதிர்வு நாள் 2024 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. அன்று என்னால் போக முடியவில்லை. 18ஆம் தேதி திங்கட்கிழமை போனேன். எழுத்தர் ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள். நிர்வாகக் குழுக் கூட்டம் முடிந்ததும் காசோலை தயாராகிவிடும்" என்றார். பின்பக்கத்தில் 'அசலும் வட்டியும் பெற்றுக்கொண்டேன்' என்ற வரி அச்சாகியிருந்தது. அதன் கீழே கையெழுத்திட்டேன். எங்கே கையெழுத்துப் போட்டாலும் கீழே தேதி எழுதுவது என் பழக்கம். அன்றும் 18.03.2024 என்று எழுதினேன். ரசீதைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

நான் செய்த தவறு இதுதான். 'பெற்றுக்கொண்டேன்' என்பதற்குக் கீழே கையெழுத்திட்ட ரசீது சங்கத்தின் கையில் இருக்கிறது என்றால், ஏட்டளவில் பணம் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது என்றே பொருள். இன்னும் தரவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அதன் பிறகு என் தலையில் விழுந்துவிட்டது. ரசீதின் நகலாவது எடுத்துவைத்தேனா என்றால் அதுவும் இல்லை. ரசீதைப் பெற்றதற்கு அவர்களிடம் ஒரு வரி ஒப்புகைகூடக் கேட்கவில்லை. பதினைந்து ஆண்டுகளாகப் பார்த்துவரும் முகம், கேட்கக் கூச்சமாக இருந்தது.

ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரு பதில். கூட்டம் தள்ளிப்போய்விட்டது, செயலாளர் விடுப்பில் இருக்கிறார், கடன் தவணைகள் வசூலாகவில்லை. ஜூன் மாதம் கட்டணம் கட்டும் கெடு வந்தபோது செயலாளரையே பார்த்தேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "உங்கள் வைப்பு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதே அம்மா. இன்னும் 24 மாதம். இப்போது எடுத்தால் வட்டி குறையும்."

நான் புதுப்பிக்கச் சொல்லவே இல்லை. எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவும் இல்லை. கோபத்தில் கத்திவிட்டு வந்திருப்பேன். நல்லவேளையாக, வேறொரு சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற உறவினர் ஒருவரிடம் அன்று மாலை பேசினேன். "பாஸ்புக்கில் பதிந்து வாங்கினாயா? முதலில் அதைச் செய். வேறு எதுவும் பேசாதே" என்றார்.

மறுநாள் போய்ப் பாஸ்புக்கைக் கொடுத்தேன். வழக்கமான வேலைதானே என்று எழுத்தர் பேரேட்டைப் பார்த்து எழுதித் தந்தார். வைப்புப் பக்கத்தில் புதிதாக ஒரே ஒரு வரி. தேதி 15.03.2024. விவரம், 'கு.வை. முடிப்பு – சரிக்கட்டல்'. பற்று 1,26,824. இருப்பு இல்லை. ஓரத்தில் சுருக்கொப்பம்.

உறவினர் அந்த வரியை எனக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். ஏனென்றால் நம்மில் பலர் பாஸ்புக்கில் கடைசி இருப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம்.

முதலில் 'சரிக்கட்டல்' என்ற சொல். பணத்தை உண்மையாகவே கொடுத்திருந்தால் அந்த இடத்தில் ரொக்கம் என்றோ காசோலை எண்ணோ இருக்க வேண்டும். சரிக்கட்டல் என்றால் பணம் சங்கத்தைவிட்டு வெளியே போகவில்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஏட்டில் மட்டும் நகர்ந்திருக்கிறது. கணக்கு எழுதும் முறைப்படி ஓரிடத்தில் பற்று விழுந்தால் அதே நாளில், அதே தொகைக்கு, வேறோரிடத்தில் வரவு இருந்தே ஆக வேண்டும். ஆகவே 'என் பணம் எங்கே' என்று கேட்பதில் பயனில்லை. அதற்கு எந்தப் பதிலும் சொல்லலாம். 'மார்ச் 15ஆம் தேதி நாள்வழிப் புத்தகத்தில் இந்தச் சரிக்கட்டலுக்கு எதிரே எந்தக் கணக்கில் வரவு வைத்தீர்கள், அதன் சீட்டு எண் என்ன' என்று கேட்டால் ஒரே ஒரு பதில்தான் இருக்க முடியும். அது ஏட்டில் இருக்கும்.

அடுத்தது தேதி. கணக்கை 15ஆம் தேதியே முடித்ததாக எழுதியிருக்கிறார்கள். ரசீதை நான் கொடுத்தது 18ஆம் தேதி. கையெழுத்தின் கீழே அந்தத் தேதி என் கைப்பட இருக்கிறது. ரசீது என் வீட்டுப் பெட்டியில் இருந்த நாளில், அந்த ரசீதைப் பெற்றுக்கொண்டு கணக்கை முடித்ததாக எப்படி எழுத முடியும்? என்னிடம் நகல் இல்லையென்றாலும் அசல் அவர்களிடமே இருக்கிறது. தணிக்கையில் அதைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, வரியில் இல்லாத ஒன்று. புதிய வைப்பு என் பெயரில் தொடங்கியிருந்தால் அதே பாஸ்புக்கில் அதற்கான வரவு வரியும் இருக்க வேண்டும், புதிய ரசீதும் என்னிடம் தந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை.

அன்றே பாஸ்புக்கின் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்தேன். அதற்கு மறுவாரம், 'பதிவில் ஒரு சிறு திருத்தம் இருக்கிறது, பாஸ்புக்கை இரண்டு நாள் விட்டுச் செல்லுங்கள்' என்று கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள். திருத்தம் வேண்டுமானால் பழைய வரியை அழிக்காமல் அடுத்த வரியில், அன்றைய தேதியிட்டு, உங்கள் கண்முன்னே எழுதட்டும்.

பிறகு தலைவருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். அதில் குற்றச்சாட்டு எதுவும் எழுதவில்லை. இவ்வளவுதான்:

"எனது பாஸ்புக்கின் வைப்புப் பக்கத்தில் 15.03.2021 அன்று ரூபாய் 1,00,000 வரவும், 15.03.2024 அன்று ரூபாய் 1,26,824 'சரிக்கட்டல்' என்று பற்றும் பதியப்பட்டுள்ளன. இத்தொகையை நான் ரொக்கமாகவோ காசோலையாகவோ பெறவில்லை. வைப்பைப் புதுப்பிக்குமாறு நான் விண்ணப்பிக்கவும் இல்லை. வைப்பு ரசீதை 18.03.2024 அன்று, அத்தேதியைக் கையெழுத்தின் கீழ் எழுதி ஒப்படைத்தேன். மேற்படி சரிக்கட்டலுக்கு எதிரான வரவு எந்தக் கணக்கில் வைக்கப்பட்டது, அதன் சீட்டு எண் என்ன, புதுப்பிப்பு விண்ணப்பம் இருப்பின் அதன் நகல் ஆகியவற்றைத் தருமாறும், முதிர்வுத் தொகையை, முதிர்வு நாளிலிருந்து வழங்கும் நாள் வரையான வட்டியுடன் விடுவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு படிகள் எடுத்துப் போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். முத்திரை போடத் தயங்கினார்கள். பதிவுத் தபாலில் அனுப்பிவிடுகிறேன், கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரு படி போகும் என்றேன். உடனே போட்டுவிட்டார்கள்.

முப்பது நாள் ஆகியும் பதில் இல்லாததால் பதிவாளர் அலுவலகத்துக்கும் அனுப்பினேன். அதன் பிறகுதான் ஏட்டைப் பார்க்க அழைத்தார்கள். எதிர் வரவு என் பெயரிலேயே, 6 சதவீத வட்டியில், 24 மாத வைப்பாக இருந்தது. புதுப்பிப்பு விண்ணப்பத்தில் என் பெயர் நிரப்பியிருந்தது, கையெழுத்திடும் இடம் காலியாக இருந்தது. மார்ச் மாதத்தில் முதிர்ந்த வைப்புகளைக் கொடுக்கக் கையில் பணம் இல்லாததால் பலருடையதை இப்படி நகர்த்திவிட்டதாகப் பின்னர் செயலாளரே ஒப்புக்கொண்டார். பணத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை என்பதில் எனக்கு ஆறுதல் இல்லை. உறுப்பினரைக் கேட்காமல் அவர் பணத்தைக் கட்டிவைப்பதும் ஏமாற்றுதான். கேட்டிருந்தால் பாதித் தொகையையாவது இன்னும் சில மாதம் விட்டுவைத்திருப்பேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சில துணை விதிகளில், முதிர்ந்த வைப்பை உறுப்பினர் எடுக்காவிட்டால் தானாகப் புதுப்பிக்கலாம் என்று இருக்கும். வைப்பு விண்ணப்பத்திலேயே அதற்கு ஒரு கட்டம் இருந்து, நீங்கள் அதில் குறியிட்டிருக்கவும் கூடும். உங்களுக்குக் கடன் இருந்தாலோ, அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தாலோ, வைப்பைப் பிடித்துவைக்கச் சங்கத்துக்கு உரிமை இருக்கலாம். சண்டைக்குப் போகும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள். எங்கள் துணை விதியில் புதுப்பிக்க எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றே இருந்தது. எனக்குக் கடனும் இல்லை, ஜாமீனும் இல்லை.

2024 அக்டோபர் 15 அன்று 1,26,824 ரூபாய்க்குக் காசோலை வந்தது. தாமதமான ஏழு மாதத்துக்குச் சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதத்தைக் கணக்கிட்டு 2,959 ரூபாய் தந்தார்கள். நான் 8 சதவீதம் கேட்டேன். நானாக எடுக்காமல் விட்டிருந்தால் 4 சதவீதம் சரி. கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தது அவர்கள். இந்த முறை 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்ற வரியில் அப்படியே கையெழுத்துப் போடவில்லை. 'வட்டி வேறுபாட்டுக்கான உரிமைக்கு உட்பட்டு' என்று மேலே எழுதி, தேதியிட்டு, நகல் வாங்கிய பிறகே காசோலையை எடுத்தேன்.

இந்த அலைச்சலில்தான் பாஸ்புக்கின் பங்குப் பக்கத்தையும் முதன்முறையாகக் கவனித்தேன். என் பங்குத்தொகை 10,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பொதுப்பேரவை 8 சதவீத லாப ஈவு அறிவித்திருக்கிறது. ஆண்டறிக்கையில் அச்சாகியிருக்கிறது. ஆனால் பாஸ்புக்கில் 800 ரூபாய் வீதம் வர வேண்டிய இரண்டு வரவுகளும் இல்லை. பேரவை அறிவிக்காத ஈவைக் கேட்க முடியாது. அறிவித்துவிட்டால் அது சங்கம் நமக்குத் தர வேண்டிய கடன். நீண்ட காலம் கேட்காமல் விட்டால் காப்பு நிதிக்கு மாற்றிவிடத் துணை விதிகள் இடம் தருவதுண்டு என்பதால் அதற்கும் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன், ஆண்டறிக்கையின் பக்க எண்ணையும் பாஸ்புக் பக்கத்தின் நகலையும் இணைத்து.

1,600 ரூபாய் ஈவும், 8 சதவீதக் கணக்கில் மீதி வர வேண்டிய இன்னொரு 2,959 ரூபாய் வட்டி வேறுபாடும் இன்னும் வரவில்லை. அதே மார்ச்சில் வைப்பு முதிர்ந்த வேறு உறுப்பினர்கள் இருந்தால் இன்றே பாஸ்புக்கைப் பதிந்து வாங்குங்கள். மார்ச் 15ஐ ஒட்டிய வரியில் 'சரிக்கட்டல்' இருந்தால் விண்ணப்பம் எழுத நான் உதவுகிறேன்.