புள்ளைக்கு யூரோ அனுப்பறப்ப கமிஷனக் கேக்காதீங்க, ஒரு யூரோ என்ன வெலைக்கு விழுகுதுன்னு கேளுங்க

பெருந்துறை, கோபி, அந்தியூர்ப் பக்கமெல்லாம் இப்ப தெருவுக்கு ஒரு புள்ளையாவது ஜெர்மனி, அயர்லாந்துன்னு படிக்கப் போயிருக்குதுங்க. என்ற அக்கா பொண்ணும் அங்கதான் இருக்கா, மூணு மாசத்துக்கு ஒருக்கா இங்கிருந்து வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் போகும். பணம் அனுப்பற யாரக் கேட்டாலும் மொதல்ல சொல்றது "அங்க கமிஷன் கம்மி, இங்க கமிஷனே இல்ல"ங்கறதுதான். ஆனா ரெண்டாயிரம் யூரோ மாதிரி தொகைக்கு கமிஷன் சின்னக் காசுங்க, பெருங்காசு போறது ரேட்டுல, அது எந்த ரசீதுலயும் தனி வரியா வராது.

எப்படின்னா, போன்ல தேடுனா வர்ற யூரோ ரேட்டு பேங்குக்கு பேங்கு வாங்கி விக்கறதோட நடு ரேட்டு. நமக்கு அந்த ரேட்டுல யாரும் தரமாட்டாங்க. பேங்குல காலையில ஒரு கார்டு ரேட்டு போடுவாங்க, அதுல வெளிநாட்டுக்கு அனுப்பறதுக்கு TT செல்லிங்னு ஒரு காலம் இருக்கும், அதுதான் நமக்கு. நடு ரேட்டுக்கும் அதுக்கும் இருக்கற இடைவெளிதான் மார்ஜின். நடு ரேட்டு 100 ரூபான்னு வச்சுக்கங்க (கணக்கு சுளுவா வரட்டும்னு ரவுண்டா எடுத்துக்கறேன், நீங்க அன்னைக்கு ரேட்டப் போட்டுக்கங்க), செல்லிங் ரேட்டு 102.50ன்னா யூரோவுக்கு ரெண்டரை ரூபா அங்கயே போச்சு, ரெண்டாயிரம் யூரோவுக்கு 5,000 ரூபா. கமிஷன் 500ஆ 1,000ஆன்னு நாம கவுண்டர்ல பேசிட்டு இருக்கறப்ப இது சத்தமில்லாமப் போயிருக்கும்.

சரி, மூணு வழிய ஒட்டுக்கா வச்சுப் பாப்போம். எல்லாத்துக்கும் 2,000 யூரோ.

மொத வழி, வருசக்கணக்கா அக்கவுண்ட் வச்சிருக்கற பேங்கு பிரான்ச். ரேட்டு 102.50, அப்ப 2,05,000 ரூபா. கமிஷன் 500, ஸ்விஃப்ட் சார்ஜ் 500, அதுக்கு 18% ஜிஎஸ்டி 180. இதுபோக பணத்த மாத்தறதுக்குன்னு தனியா ஒரு ஜிஎஸ்டி இருக்குது, அது முழுத் தொகைக்கும் இல்லைங்க, ஒரு லட்சம் வரைக்கும் 1%, அதுக்கு மேல பத்து லட்சம் வரைக்கும் அரை பர்சென்ட்னு ஒரு சின்ன மதிப்பு எடுத்து அதுக்கு 18%. இந்தத் தொகைக்கு ஒரு 275 ரூபா வரும், எங்க போனாலும் கிட்டத்தட்ட இதேதான், அதனால ஒப்பிடறப்ப இதப் பத்தி மண்டைய ஒடச்சுக்க வேண்டியதில்ல. ஆக அக்கவுண்ட்ல இருந்து எடுத்தது 2,06,455 ரூபா. அங்க போய்ச் சேர்ந்தது 2,000 இல்ல, 1,985 யூரோ, வழியில ஒரு இடைத்தரகு பேங்கு 15 யூரோ புடிச்சுக்குச்சுன்னு வைங்க, இது நெம்ப சாதாரணமா நடக்கறதுதான். இப்ப எடுத்த ரூபாய சேர்ந்த யூரோவால வகுங்க, ஒரு யூரோ 104.01 ரூபாய்க்கு விழுகுது. ரசீதுல கமிஷன் அரை பர்சென்ட்தான், ஆனா மொத்தச் செலவு நாலு பர்சென்ட்.

ரெண்டாவது, ஃபாரக்ஸ் டீலர். ஜீரோ கமிஷன்னு சொல்லுவாங்க, அது பொய்யும் இல்ல, கமிஷன் நெசமாவே வாங்க மாட்டாங்க. ரேட்டு 102.20. மாத்தற ஜிஎஸ்டி சேர்த்து 2,04,674 ரூபா, 2,000 யூரோவும் முழுசாப் போய்ச் சேருதுன்னு எழுதி வாங்கிட்டோம்னா யூரோ 102.34க்கு விழுகுது. அதாவது ஜீரோ கமிஷனுக்கு நாம குடுத்தது 4,674 ரூபா.

மூணாவது, ஆன்லைன்ல அனுப்பறது. ரேட்டு 100.70, ஃபீஸ் 900, அதுக்கு ஜிஎஸ்டி 162, மாத்தற ஜிஎஸ்டி 271, மொத்தம் 2,02,733. அங்க யூரோப்பாவுக்குள்ள இருக்கற லோக்கல் டிரான்ஸ்ஃபரா அக்கவுண்ட்ல விழுகுது, அதனால வழியில வெட்டு இல்ல. யூரோ 101.37. ஃபீஸ்னு பாத்தா மூணுல இதுவும் பேங்கும்தான் கூட, ஆனா மொத்தத்துல இதுதான் மலிவு. பேங்கோட ஒப்பிட்டா ஒரு தடவைக்கு 5,280 ரூபா மிச்சம், மூணு மாசத்துக்கு ஒருக்கான்னா வருசத்துக்கு இருபத்தியோராயிரம், அந்தப் புள்ளைக்கு கிட்டத்தட்ட 200 யூரோவுக்கு மேல.

ஆனா இத வச்சு ஆன்லைன்தான் எப்பவும் மலிவுன்னு முடிவு கட்டிறாதீங்க. திடீர்னு போன் ஒடஞ்சு போச்சு, 300 யூரோ அவசரம்னு கேக்கறாங்கன்னு வைங்க. அந்த ஆன்லைன்காரன்கிட்ட அதே 1,062 ரூபா ஃபீஸ், 300 யூரோ மேல பரப்புனா ஒரு யூரோ 104.42க்கு வந்துருது. ஜீரோ கமிஷன் டீலர்கிட்ட 102.38தான். காரணம் லேசானது, ஃபீஸ் தொகை மாறாது, மார்ஜின் யூரோவுக்கு யூரோ ஏறும். ரெண்டு பேருக்கும் ரேட்டு வித்தியாசம் ஒன்றரை ரூபா, 1,062ஐ ஒன்றரையால வகுத்தா 708. சுமாரா எழுநூறு யூரோவுக்குக் கீழ டீலர், மேல போனா ஆன்லைன். உங்களுக்கு ரெண்டு பேரு சொன்ன ரேட்டுக்கும் ஃபீஸுக்கும் இதே மாதிரி ஒரு வகுத்தல் போட்டா எந்தத் தொகையில கட்சி மாறுதுன்னு தெரிஞ்சுரும். மாசாமாசம் கொஞ்சமா அனுப்பறத விட்டுட்டு மூணு மாசத்துக்கு ஒட்டுக்கா அனுப்பறதும் இதுக்குத்தான்.

இப்ப பேங்கு பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா நம்ம ஊர்ப் பெரியவங்க பலபேரு பேங்க விட்டு வேற எடத்துக்குப் போகமாட்டாங்க, அதுல தப்பும் இல்ல. கார்டு ரேட்டுங்கறது பேசாம வாங்கறவங்களுக்குப் போடற ரேட்டு. திருப்பூர்ல பனியன் எக்ஸ்போர்ட் பண்ற என்ற மாமா ஒருத்தரு பில்லுக்கு டாலர் வந்தா பேங்குல அஞ்சு பைசாவுக்கு நின்னு பேசுவாரு, மகனுக்கு அனுப்பறப்ப மட்டும் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்துருவாரு. "ஏனுங் மாமா, அதுக்கும் ரேட்டு போடறது அதே டீலிங் ரூம்தானுங்களே"ன்னு கேட்டப்பறம்தான் மேனேஜர்கிட்டப் பேசுனாரு, ரேட்டு எறங்குச்சு. லைவ் ரேட்டு வேணும், டிரஷரில கேட்டுச் சொல்லுங்கன்னு கேக்கணும், அவ்வளவுதான். மேல சொன்ன பிரான்ச்லயே 101.20க்கு எறக்கிக் குடுத்தாங்கன்னா, வழியில இடைத்தரகு பேங்கு புடிக்கற வெட்ட நாமளே கட்டறதுக்கு 1,770 கூடக் குடுத்தாலும் யூரோ 102.81க்கு வந்துரும், 104.01 எங்க இது எங்க. காலேஜ் ஃபீஸ் மாதிரி 10,000 யூரோன்னா ரேட்டு இன்னும் எறங்கும், 100.50 கெடச்சுதுன்னா மொத்தமா 100.89, ஆன்லைன்காரன் 100.91. அந்தத் தொகையில ரெண்டும் ஒண்ணேதான், தெரிஞ்ச பிரான்ச்லயே நிம்மதியா அனுப்பலாம்.

அந்த வழி வெட்டுக்கு பேங்கு ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்குங்க, OUR, SHA, BEN னு மூணு. OURன்னா வெளி சார்ஜையும் அனுப்பறவங்களே கட்டறது, SHAன்னா இந்தப்பக்கம் நாம, அந்தப்பக்கம் வாங்கறவங்க, BENன்னா எல்லாமே வாங்கறவங்க தலையில. ஒண்ணும் சொல்லாம விட்டா பெரும்பாலும் SHAன்னு டிக் ஆயிரும். வீட்டுச் செலவுக்கு 15 யூரோ கொறஞ்சா சமாளிச்சுக்கலாம், யூனிவர்சிட்டி ஃபீஸ்ல 15 யூரோ கொறஞ்சா பாக்கி இருக்குதுன்னு அட்மிஷன் பேப்பர நிறுத்தி வச்சுருவாங்க, அப்பறம் அந்தப் 15 யூரோவ அனுப்ப மறுபடியும் ஒரு ஸ்விஃப்ட் சார்ஜ். ஃபீஸ்னா OUR மட்டும்தான் போடுங்க. கொறஞ்சு விழுந்துச்சுன்னா பேங்குல ஸ்விஃப்ட் காப்பி கேட்டு வாங்குங்க, எவ்வளவு கெளம்புச்சு, எந்த டைப்ல போச்சுன்னு அதுல இருக்கும்.

அதனால எங்க கேட்டாலும் கேள்விய ஒரே மாதிரி கேளுங்க: "2,000 யூரோ அந்த அக்கவுண்ட்ல முழுசா விழுகணும், என்ற அக்கவுண்ட்ல இருந்து எல்லாம் சேர்த்து எத்தன ரூபா எடுப்பீங்க?" மூணு எடத்துலயும் ஒரே மணி நேரத்துக்குள்ள கேக்கணும், காலையில ஒருத்தர்கிட்டயும் சாயங்காலம் இன்னொருத்தர்கிட்டயும் கேட்டா மார்க்கெட்டே நகர்ந்திருக்கும். சனி ஞாயிறு வேண்டாம், மார்க்கெட் மூடியிருக்கறப்ப திங்கக்கெழமை ரேட்டு ஏறிட்டா என்ன பண்றதுன்னு கொஞ்சம் சேர்த்தே சொல்லுவாங்க.

புள்ளைகிட்ட நம்ம ஊரு டெபிட் கார்டக் குடுத்து அனுப்பி, அங்க ஏடிஎம்ல எடுத்துக்கோ கண்ணுன்னு சொல்றதும் நடக்குது. பல கார்டுல ரேட்டு மேல வைக்கற மார்க்கப் மட்டுமே 3.5% வரைக்கும் போகும், அதுக்கு ஜிஎஸ்டி, ஏடிஎம் சார்ஜ் வேற, அவசரத்துக்கு மட்டும்தான் சரி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வெளிநாட்டுப் பணம்னு போர்டு வச்சிருக்கற கடைகள்ல அந்த மணி டிரான்ஸ்ஃபர் ஸ்கீம் உள்ள வர்ற பணத்துக்கு மட்டும்தான், இங்கிருந்து அதுல அனுப்ப முடியாது. பேங்குக்கு வெளிய கணக்குல வராம அனுப்பற உண்டியல்ல ரேட்டு நல்லா இருக்கும்னு யாராவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க, அந்நியச் செலாவணிக்கான ஃபெமா சட்டத்துல அனுப்பன தொகைக்கு மூணு மடங்கு வரைக்கும் அபராதம் போடலாம், அந்தப் பக்கம் புள்ளையோட அக்கவுண்ட்ல யாருன்னே தெரியாத ஆளு பணம் போட்டதுக்கு அங்கயும் பதில் சொல்லணும்.

கடைசியா டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பறப்பவே முன்கூட்டிப் புடிக்கற வருமான வரி, இதச் செலவுன்னு நெனச்சு பயப்படறவங்க நெம்பப் பேரு. ஒரு நிதியாண்டுல ஒரு பான் நம்பருக்கு, எத்தன பேங்குல அனுப்புனாலும் சேர்த்து, 10 லட்சம் வரைக்கும் டிசிஎஸ் கெடையாது, 2025 ஏப்ரல்ல இருந்து இந்த அளவு, முன்ன 7 லட்சம். அதுக்கு மேல போனா குடும்பச் செலவு, கிஃப்ட்னு அனுப்பறதுக்கு 20% புடிப்பாங்க, படிப்புக்குன்னா அதவிட நெம்பக் கம்மி, எஜுகேஷன் லோன் எடுத்து அனுப்பற பணத்துக்கு டிசிஎஸ் இல்லவே இல்ல. அதனால ஃபாரத்துல பர்பஸ் கோடு பாத்து எழுதுங்க, படிப்புக்கு S0305, குடும்பச் செலவுக்கு S1301. புடிச்ச பணம் வருமான வரித்துறைக் கணக்குல உங்க பேருல நிக்கும், ரிட்டர்ன் போடறப்ப வரியில கழிச்சுக்கலாம், இல்லீன்னா திரும்ப வரும். அதுவரைக்கும் பணம் மொடங்கிக் கெடக்கும், 2 லட்சம் புடிச்சாங்கன்னா வட்டிக்கு வாங்கி அனுப்பற குடும்பத்துக்கு அது பெரிய பாரம். அப்பாவும் அம்மாவும் அவங்கவங்க பான்ல, அவங்கவங்க அக்கவுண்ட்ல இருந்து அனுப்புனா ஆளுக்குப் பத்து லட்சம் கணக்கு. மார்ச்ல அனுப்ப வேண்டிய ஃபீஸ் ஏப்ரல் மொத வாரம் வரைக்கும் தாங்கும்னா யூனிவர்சிட்டில கெடுவுத் தேதிய ஒருக்காக் கேட்டுட்டு அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிருங்க.