மீட்டல் தாளா, வாய்க் கேள்வியா: கொப்பியை வைத்து இரண்டையும் செய்து பார்த்த அனுபவம்

கடந்த ஆண்டு ஞாயிறு மாலைகளில் மகனுக்கு மீட்டல் தாள் எழுதிக் கொடுத்தேன். அவன் தரம் 4 வந்த பிறகு அதைக் குறைத்துவிட்டு, அவனது கொப்பியை என் மடியில் வைத்துக்கொண்டு வாயால் கேட்கிறேன். கிளிநொச்சிக் கடைகளில் விற்கும் மாதிரி வினாத்தாள்களையும் வாங்கிப் பார்த்தேன். வகுப்பில் இன்னும் தொடாத பாடமும் அவற்றில் வருவதால் விட்டுவிட்டேன்.

நேரத்தைப் பார்த்தால் வாய்க் கேள்விதான் இலகு. தாள் எழுத அரை மணி, திருத்தக் கால் மணி வேண்டும். அறுவடைக் காலத்தில் இரண்டு வாரம் தாளே இல்லாமல் போனது. ஆனாலும் நான் பக்கம் மாறியது அதற்காக அல்ல. பிள்ளை ஏன் பிழைவிட்டான் என்பதைத் தாள் எனக்குச் சொல்லவில்லை.

ஒரு வாரம் அவனது கணிதக் கொப்பியிலிருந்து ஐந்து கழித்தல் கணக்குகளை இலக்கம் மாற்றித் தாளில் எழுதினேன். மூன்று சரி, இரண்டு பிழை. 403இலிருந்து 157ஐக் கழித்து 354 என்றும், 520இலிருந்து 264ஐக் கழித்து 344 என்றும் எழுதியிருந்தான். கவனக்குறைவு என்று நினைத்து, இன்னும் ஐந்து கணக்குக் கொடுத்தேன். அதிலும் அப்படியே வந்தது.

பிறகு பக்கத்தில் இருத்தி, “இந்த 4 எப்படி வந்தது?” என்று கேட்டேன். “ஏழிலிருந்து மூன்று போனால் நான்கு, அம்மா” என்றான். மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறான். சரியாக வந்த மூன்றும் கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகள். அதனால்தான் பிழை அவ்வளவு நாள் மறைந்திருந்தது. நான்கு நூறு ரூபாய்த் தாள்களையும் மூன்று ஒரு ரூபாய்க் குற்றிகளையும் வைத்து, 157 ரூபாய் தரச் சொன்னேன். ஒரு நூறைப் பத்துப் பத்து ரூபாயாகவும், அதில் ஒரு பத்தை ஒற்றை ரூபாய்களாகவும் மாற்றினோம். மூன்று நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. 157ஐக் கொடுத்த பின் 246 மிஞ்சியதை அவனே எண்ணினான்.

இப்போது வாரம் எட்டுக் கேள்விகள்தான். மூன்று இந்த வாரப் பக்கங்களிலிருந்து, மூன்று இரண்டு மூன்று வாரம் பழைய பக்கங்களிலிருந்து, மிச்சம் இரண்டு முன்பு தடுமாறியவை. கொப்பியில் நான் முதலில் தேடுவது அழித்து எழுதிய இடங்களை. ‘திருத்தம்’ என்று கீழே அழகாக இருப்பதை நம்புவதில்லை. அது பெரும்பாலும் கரும்பலகையைப் பார்த்து எழுதியது. சுற்றாடல் பாடத்தில் விடையைப் பாடநூலோடு ஒப்பிட்டே கேட்கிறேன், ஏனெனில் பார்த்தெழுதும்போதே பிழை புகுந்திருக்கலாம்.

கேட்கும் முறையில் நான் விட்ட பிழை ஒன்று உண்டு. பிழையான விடைக்கு மட்டும் “எப்படி?” என்று கேட்டேன். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே விடையை மாற்றத் தொடங்கினான். இப்போது சரியான விடைக்கும் அதையே கேட்கிறேன். கேட்ட பின் மனதுக்குள் ஐந்துவரை எண்ணிப் பேசாமல் இருப்பேன். முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பதில்லை. வாய்க் கேள்வி தடம் விடாது என்பது அதன் பெரிய குறை. அதற்காகத் தடுமாறிய கேள்விக்கு நேரே கொப்பி ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறேன். வெவ்வேறு வாரங்களில் இரண்டு முறை தடுமாறாமல் சொன்னால் புள்ளியை அவனே அழிப்பான்.

ஓர் இடத்தில் தாளை விட முடியவில்லை: தமிழ் எழுத்துப்பிழை. நம் பேச்சில் ழகரமும் ளகரமும் அவ்வளவாக வேறுபடுவதில்லை. ‘கோழி’ என்று வாயால் சரியாகச் சொல்பவன் தாளில் ‘கோளி’ என்று எழுதினான். ஆகவே தமிழ்க் கொப்பியில் ஆசிரியர் சிவப்பில் வட்டமிட்ட சொற்களை எடுத்து, “குளத்து நீர் வாய்க்கால் வழியே வயலுக்கு வந்தது” போல நான்கு வசனம் சொல்லி எழுத வைக்கிறேன். அரைப் பக்கம் போதும்.

தரம் 2 படிக்கும் மகளோடு இதைத் தொடங்கி இரண்டு மாதமே ஆகிறது. “எப்படி?” என்றால் அவள் “தெரியும்” என்று மட்டும் சொல்கிறாள். அவளிடம் இப்போதைக்குப் புளியங்கொட்டைகளைக் கொடுத்து, செய்து காட்டச் சொல்கிறேன்.