ஒரே குர்தா, இரண்டு உயரம்: எந்த நீளம், எந்தக் கட்?

என் உயரம் 5 அடி. என் நாத்தனார் 5 அடி 9 இன்ச். போன வருடம் இருவரும் ஒரே மாதிரி குர்தா எடுத்தோம்: ஸ்ட்ரெயிட் கட், 40 இன்ச் நீளம், விற்றவர் ‘முட்டி வரை’ என்று எழுதியிருந்தார். அவருக்கு அது சரியாக முட்டியில் நின்றது. எனக்கோ கெண்டைக்கால் சதையின் நடுவில் வந்து நின்று, காலை அங்கேயே வெட்டி எடுத்தது போல் இருந்தது. சில வாரம் கழித்து அவர், ‘உயரமா இருக்கிறவங்களுக்கு லாங்தான் எடுக்கும்’ என்று 46 இன்ச்சில் ஒன்று வாங்கினார். அது அவர் கெண்டைக்காலின் நடுவில் நின்றது. இரண்டு நீளத்துக்கும் 6 இன்ச் வித்தியாசம், விழுந்த குழி ஒன்றே.

குர்தாவின் நீளம் கழுத்தும் தோளும் சேரும் இடத்திலிருந்து கீழ் மடிப்பு வரை அளக்கப்படுகிறது. அந்த எண் துணியைப் பற்றியது, நம் காலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகவே ‘முட்டி வரை’, ‘கெண்டைக்கால் வரை’ என்ற பெயர்களை ஒதுக்கிவிட்டு, விளிம்பு நம் உடம்பில் தரையிலிருந்து எத்தனை இன்ச்சில் நிற்கும் என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு முழு உயரப் புகைப்படம் போதும். ஆனால் படம் ஒழுங்காக எடுத்திருக்க வேண்டும்.

நிற்பவரின் இடுப்பு உயரத்தில் ஃபோனை வைத்து, சாய்க்காமல் நேராக நிறுத்தி, குறைந்தது 10 அடி தள்ளி எடுக்க வேண்டும். கண் உயரத்தில் பிடித்தால் பாதத்தையும் படத்துக்குள் கொண்டுவர ஃபோனைக் கீழ்நோக்கிச் சாய்ப்போம். அப்போது கால் குட்டையாகவும் மேலுடம்பு நீளமாகவும் பதியும். குள்ளமானவர் எடுத்துக்கொள்ளும் படங்கள் பலவும் அவரை இன்னும் குள்ளமாகக் காட்டுவது இதனால்தான். தரையில் உட்கார்ந்து எடுத்தால் நேர் எதிர், எல்லோருக்கும் மாடல் மாதிரி கால். 0.5x லென்ஸ் வேண்டாம், அது ஓரங்களை இழுத்துவிடும். உடம்போடு ஒட்டிய பேன்ட்டும் டி-ஷர்ட்டும் போட்டு, வெறுங்காலுடன் நிற்பது நல்லது.

அப்புறம் கணக்கு எளிது. திரையில் என் உருவத்தை உச்சந்தலை முதல் குதிகால் வரை 12 செ.மீ. வருமாறு வைத்தேன். 60 இன்ச் உடம்பு 12 செ.மீ. என்றால் 1 செ.மீ. 5 இன்ச். தரையிலிருந்து என் கழுத்தோரம் 51, இடுப்பின் அகலமான பகுதி 30, முட்டி 17, கெண்டைக்காலின் தடித்த இடம் 12 இன்ச் என்று வந்தது. நாத்தனார் படத்தில் 1 செ.மீ.க்கு 5.75 இன்ச். அவருக்குக் கழுத்தோரம் 58.5, இடுப்பு 34.5, முட்டி 19.5, கெண்டைக்கால் 14. அதாவது முட்டிக்கும் கெண்டைக்காலின் தடிப்புக்கும் இடையே இருவருக்குமே ஐந்தரை இன்ச்சுக்கு மேல் இல்லை. தவறு செய்ய எவ்வளவு சின்ன இடம் போதும் என்று அப்போதுதான் புரிந்தது.

விளிம்பு எங்கே நிற்கும்? கழுத்தோர உயரத்திலிருந்து குர்தா நீளத்தைக் கழித்து 1 இன்ச் கூட்டினால் கிட்டத்தட்ட விடை. துணி மார்பின் மேல் ஏறி இறங்குவதில் போகும் நீளம்தான் அந்த 1 இன்ச்.

| குர்தா நீளம் | என் காலில் (தரையிலிருந்து) | நாத்தனார் காலில் (தரையிலிருந்து) |
|---|---|---|
| 32 | 20, முட்டிக்கு மேல் | 27.5, தொடை நடுவே |
| 36 | 16, முட்டிக்குச் சற்றுக் கீழ் | 23.5, முட்டிக்கு மேல் |
| 40 | 12, கெண்டைக்காலின் தடிப்பு | 19.5, முட்டி |
| 43 | 9, தடிப்பு இறங்கும் இடம் | 16.5, முட்டிக்குக் கீழ் |
| 46 | 6, கணுக்காலுக்கு மேல் | 13.5, கெண்டைக்காலின் தடிப்பு |

விளிம்பு என்பது உடம்பின் குறுக்கே போடும் ஒரு கோடு. எந்த இடத்தில் கோடு விழுகிறதோ அந்த இடத்தின் அகலம்தான் கண்ணில் படும். கெண்டைக்கால் தடிப்பில் விழுந்தால் அதுவே முழுக் காலின் அகலமாகத் தோன்றும். முட்டிக்குச் சற்றுக் கீழோ, தடிப்பு முடிந்து கால் ஒடுங்கும் இடத்திலோ விழுந்தால் காலின் மெலிவான பகுதி தெரியும். ஆகவே எனக்கு உண்மையான போட்டி 36-க்கும் 45-க்கும் இடையில். நாத்தனாருக்கு 43-க்கும் 50-க்கும் இடையில். நடுவில் இருப்பவற்றை இருவரும் விட்டுவிடலாம்.

‘குள்ளமானவர் நீளக் குர்தா போடக்கூடாது’ என்பதை நான் ஏற்கவில்லை. 45 இன்ச் எனக்கு 7 இன்ச்சில் நிற்கும், கால் ஒடுங்கிய இடம். அதோடு அதே நிறத்தில் ஒட்டிய பேன்ட் போட்டால் விளிம்புக் கோடே மறைந்து, கழுத்திலிருந்து பாதம் வரை ஒரே நீளமாகத் தெரியும். வெள்ளை லெக்கிங்ஸ் போட்டால் அந்த லாபம் போய்விடும், 7 இன்ச் வெள்ளைத் துண்டு மட்டும் கீழே தொங்கும். சந்தேகமாக இருந்தால் படத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். குர்தாவும் பேன்ட்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நீளத்தைத் துணிந்து எடுக்கலாம். இரண்டும் முட்டிமோதினால் 36 பக்கம் போவது மேல். என் ஓட்டு தினசரிக்கு 36, ஏனென்றால் நான் எல்லாவற்றுக்கும் ஒரே நிற பேன்ட் தேடிக்கொண்டிருக்க மாட்டேன்.

உயரமானவருக்குச் சிக்கல் வேறு. 32 இன்ச் குர்தி எனக்கு உயரத்தின் மூன்றில் ஒரு பங்கில் நிற்கிறது, அழகாகவே இருக்கிறது. நாத்தனாருக்கு அதே குர்தி உயரத்தின் ஐந்தில் இரண்டு பங்கில் உடம்பைப் பிரிக்கிறது. பார்த்தால் பள்ளியில் படித்தபோது வாங்கியது போல் இருக்கும். அவருக்கு 43 வந்தால் போதும், பேன்ட் எந்த நிறமானாலும் தாங்கும். 50 எடுத்தால் ஒரே நிறக் கட்டாயம் அவருக்கு இல்லை, ஆனால் நடக்கும்போது தட்டாமலிருக்க ஸ்லிட் நீளமாக வேண்டும்.

நீளம் முடிவானால் கட். இங்கே எல்லோரும் விட்டுவிடும் விஷயம் ஸ்லிட் எங்கே தொடங்குகிறது என்பது. எங்கள் 40 இன்ச் குர்தாவில் அது தோளிலிருந்து 22 இன்ச்சில் இருந்தது. அதே கணக்குப் போட்டால் என் உடம்பில் 30 இன்ச் உயரம், என் இடுப்பு மிக அகலமான இடத்தில் இன்னும் மூடியே இருக்கிறது. அதனால் அங்கே இழுத்துப் பிடித்து, முன்பக்கம் குறுக்குச் சுருக்கம் விழுந்தது. நான் அளவு சின்னது என்று நினைத்து ஒரு சைஸ் பெரிதாக எடுக்க இருந்தேன். தோளெல்லாம் தொங்கியிருக்கும். 20-இல் ஸ்லிட் தொடங்கினாலே போதும், தையல்காரர் 2 இன்ச் பிரித்துவிட்டார். நாத்தனாருக்கு அதே 22, 37.5 இன்ச் உயரத்தில் திறந்தது. பேன்ட் பட்டைக்கும் ஸ்லிட்டுக்கும் இடையே இருந்தது இரண்டரை இன்ச் மட்டும். கையைத் தூக்கியதும் இடுப்பு தெரிந்தது. அவருக்கு 24 வேண்டும்.

ஏ-லைனில் ஸ்லிட் தொல்லை இல்லை, இடுப்பிலும் பிடிக்காது. பதிலுக்கு விளிம்பு அகலத்தைக் கவனிக்க வேண்டும். தட்டையாக அளந்து 30 இன்ச் உள்ள ஏ-லைன், உடம்பில் தொங்கும்போது மடிந்து கொஞ்சம் ஒடுங்கும். நான் முக்கால் பங்கு என்று வைத்துக்கொண்டு படத்தின் மேல் ஒரு கோடு போட்டுப் பார்க்கிறேன். விறைப்பான பருத்தி அதைவிட அகலமாக நிற்கும், ஜார்ஜெட் ஒட்டி விழும். 5 அடி உடம்பில் 45 இன்ச் ஏ-லைன் வரைந்து பார்த்தபோது கூடாரம்தான் தெரிந்தது. 36-இல் அதே ஏ-லைன், கீழே ஒட்டிய பேன்ட்டுடன், ஸ்ட்ரெயிட்டுக்குச் சரிசமமாக நின்றது. நாத்தனாருக்கு 50 இன்ச் ஏ-லைன் அட்டகாசம், அகலத்தைத் தாங்க உயரம் இருக்கிறது. ஆக, எனக்கு நீளம் வேண்டுமென்றால் ஸ்ட்ரெயிட், ஏ-லைன் வேண்டுமென்றால் குட்டை. அவருக்கு இரண்டும் சரி.

அனார்கலியில் உடல் பகுதியும் பாவாடைப் பகுதியும் சேரும் தையல் எங்கே விழுகிறது என்பதே எல்லாம். அது சரியில்லை என்றால் விளிம்பை வெட்டிப் பயனில்லை.

புகைப்படம் சொல்லாதது ஒன்று: உட்காரும்போதும் படி ஏறும்போதும் என்ன ஆகும் என்பது. முட்டியில் சரியாக முடியும் குர்தா உட்கார்ந்ததும் மேலேறும்.

ஆயத்தக் குர்தாவைத் திருத்துவதில் எனக்குத்தான் வசதி. நீளத்தைக் குறைப்பது அரை மணி வேலை, கூட்டுவதற்கோ உள்மடிப்பில் 1 இன்ச்சுக்கு மேல் அநேகமாக இருக்காது. ஆகவே உயரமானவர் சந்தேகம் வந்தால் கூடுதல் நீளத்தையே எடுக்க வேண்டும். விளிம்பில் பார்டர் இருந்தால் இருவருக்குமே வெட்ட வழியில்லை.

கடைசியில் இரண்டு குர்தாவும் தையல்காரரிடம் போயின. நாத்தனார் தன் 46-ஐ முதலில் துவைத்துக் காயவைத்தார், 45 ஆனது. அதில் 2 இன்ச் வெட்டி 43-இல் நிறுத்தினார். நான் அவசரப்பட்டு 40-ஐ 36 ஆக வெட்டிவிட்டுத் துவைத்தேன். இப்போது அது 35, சரியாக முட்டியில்.