ஆங்கில ஒலிப்பதிவா, தமிழ் நேர்காணலா, வீடியோ கேப்ஷனா: ஒரு மணிநேர உழைப்புக்கு எது எவ்வளவு தரும்?

வடசென்னையில் வீட்டிலிருந்தபடியே டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை செய்ய நினைப்பவர்களுக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. வெளிநாட்டுத் தளங்களில் பதிவு செய்து ஆங்கில ஒலியை எழுத்தாக்குவது முதலாவது. ஆய்வாளர்களும் தொண்டு நிறுவனங்களும் பதிவு செய்யும் தமிழ் நேர்காணல்களை எழுதித் தருவது இரண்டாவது. வீடியோக்களுக்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ கேப்ஷன் போடுவது மூன்றாவது. மூன்றுக்கும் கூலி ஒலியின் நிமிடக் கணக்கில்தான் சொல்லப்படுகிறது; அதனால் அறிவிப்பைப் பார்ப்பவர் நிமிடத்துக்கு எவ்வளவு என்பதை மட்டும் வைத்து எது மேல் என்று முடிவு செய்துவிடுகிறார். அந்த எண்ணைக் கொண்டு இவற்றை ஒப்பிட முடியாது என்பதே இந்த அலசலின் அடிப்படை. ஒரு நிமிட ஒலிக்கு நம்முடைய எத்தனை நிமிடம் செலவாகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மையான மணிக்கூலி தெரியும்.

கீழே வரும் கூலி விகிதங்கள் கணக்கைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்களுக்குச் சொல்லப்படும் விகிதத்தை அந்த இடத்தில் வைத்து நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஆங்கிலத்தை முதலில் பார்த்துவிடலாம். நாற்பது நிமிட அலுவலகக் கூட்டம் ஒன்று, மூன்று பேர் பேசுகிறார்கள், ஒலி தெளிவாக இருக்கிறது, நிமிடத்துக்கு 45 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 18 டாலர். ஒரு டாலரை 85 ரூபாயாகக் கொண்டால் 1,530 ரூபாய். பணத்தை மாற்றி அனுப்பும் கட்டணம் போகக் கையில் 1,450 ரூபாய் அளவில் நிற்கும். கைப்பழக்கம் உள்ளவருக்கு ஒரு நிமிட ஒலிக்கு ஐந்து நிமிடம் ஆகும், சரிபார்க்க இன்னொரு நாற்பது நிமிடம் ஆகும். ஆக நான்கு மணிநேரம், மணிக்கு ஏறத்தாழ 360 ரூபாய். புதியவருக்கு ஒரு நிமிட ஒலிக்கு எட்டு நிமிடம் போகும், சரிபார்ப்பும் ஒரு மணிநேரத்தைத் தொடும். அவருக்கு அதே ஃபைல் மணிக்கு 230 ரூபாய்தான் தரும். பட்டியலில் நல்ல ஃபைல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை. அப்படி ஒரு மணிநேரம் போனால் பழகியவரின் 360 ரூபாய்கூட 290 ஆகிவிடும்.

இந்த வேலையில் கெடு இறுக்கமானது. எடுத்த ஃபைலைச் சில மணிநேரங்களில், அதிகம் போனால் ஒரு நாளில், முடித்துக் கொடுக்க வேண்டும். தவறினால் ஃபைல் கைமாறிவிடும், மதிப்பெண்ணும் குறையும். சரிபார்ப்பைத் தளத்தின் மதிப்பீட்டாளர் செய்கிறார். நம் காதுகள் இந்திய ஆங்கிலத்துக்குப் பழகியவை என்பதால் அயர்லாந்து, ஸ்காட்லாந்து உச்சரிப்பு வரும் ஃபைல்களில் மதிப்பெண் சரிவது இயல்பு. இந்திய உச்சரிப்பு உள்ள ஃபைல்களைத் தேர்ந்தெடுத்தால் வேகமும் கூடும், துல்லியமும் கூடும்.

தமிழ் நேர்காணலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் பகுதி ஆட்களுக்கு உண்மையான பலம் இருப்பது இங்கேதான். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய், எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு கரைகளில் ஒதுங்கியது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய் படர்ந்தது. இப்படிப்பட்ட நிகழ்வுகளுக்குப் பிறகு மீனவர்களிடம் எடுக்கப்படும் நேர்காணல்களை, அந்தப் பேச்சில் பழகாத ஒருவர் எழுதினால் பாதி வரிகளில் ஐயம் வரும். ‘இட்டுனு போனாங்க’, ‘இன்னா கீது’ போன்ற பேச்சைக் கேட்டவுடன் எழுதக்கூடியவர் மறுபடி மறுபடி ஒலியைப் பின்னோக்கி ஓட்ட வேண்டியதில்லை.

ஆனாலும் தமிழுக்கு நேரம் கூடுதலாகத்தான் ஆகும். கடற்காற்று மைக்கில் அடிக்கும், ஏலக்கூவல் பின்னணியில் ஓடும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒரு நிமிட ஒலிக்கு ஏழு நிமிடம் என்று வைத்தால் நாற்பது நிமிடப் பதிவுக்கு 280 நிமிடம், சரிபார்ப்புக்கு 80 நிமிடம், ஆக மொத்தம் ஆறு மணிநேரம். ஏஜென்சி நிமிடத்துக்கு 20 ரூபாய் கொடுத்தால் 800 ரூபாய், அதாவது மணிக்கு 133 ரூபாய். அதே பதிவை ஆய்வாளரிடமிருந்து நேரடியாக 50 ரூபாய்க்கு வாங்கினால் 2,000 ரூபாய், மணிக்கு 333 ரூபாய். காது ஒன்று, விரல் ஒன்று, பதிவும் ஒன்று. இடையில் ஒருவர் நிற்பதுதான் வேறுபாடு. ஆரம்பத்தில் பழகிக்கொள்வதற்காக ஏஜென்சி வேலையை எடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதையே ஆண்டுக்கணக்கில் செய்வது சரியல்ல.

துல்லியத்தை அளப்பதில்தான் தமிழ் வேலை ஆங்கிலத்திலிருந்து பெரிதும் விலகுகிறது. சொற்பிழை விகிதத்தை எல்லோரும் ஒரே முறையில் கணக்கிடுகிறார்கள்:

```
WER = (S + D + I) / N
```

மாற்றி எழுதிய சொற்கள், விட்டுப்போன சொற்கள், கூடுதலாக எழுதிய சொற்கள் ஆகிய மூன்றையும் கூட்டி, மூலத்தில் உள்ள மொத்தச் சொற்களால் வகுப்பதே இது. ஆங்கிலத்துக்கு இது ஓரளவு நியாயமான அளவை. தமிழில், மூலப்படியில் ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று ஒரே சொல்லாக இருப்பதை நாம் ‘வந்து கொண்டு இருக்கிறார்கள்’ என்று பிரித்து எழுதினால், பொருளில் ஒரு குறையும் இல்லாதபோதும் ஒரு மாற்றம், இரண்டு கூடுதல் என மூன்று பிழைகள் பதிவாகும். எனவே சொற்களைச் சேர்த்து எழுதுவதா பிரிப்பதா, பேச்சை அப்படியே எழுதுவதா எழுத்துத் தமிழாக்குவதா, ‘ம்’, ‘அதாவது’ போன்ற இடைச்சொற்களை வைப்பதா விடுவதா என்பதை வேலை தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். பேச்சு அப்படியே வேண்டும் என்று கேட்பவருக்கு ‘கீது’ என்பதை ‘இருக்கிறது’ என்று திருத்திக் கொடுத்தால் வேலை முழுவதும் திரும்பி வரும்.

இன்னொரு பக்கம், இந்த விகிதம் எல்லாப் பிழைகளையும் ஒரே எடையில் போடுகிறது. நாற்பது நிமிடப் பதிவில் நாலாயிரம் சொற்கள் இருந்தால் 99 விழுக்காட்டுத் துல்லியம் நாற்பது பிழைகளை அனுமதிக்கிறது. அந்த நாற்பதும் ‘வந்து’, ‘அப்புறம்’ போன்றவற்றில் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ‘பணம் வர்ல’ என்பதை ‘பணம் வர்து’ என்று எழுதிவிட்டால் அது ஒரே ஒரு பிழைதான், ஆனால் நிவாரணம் கிடைக்காதவர் கிடைத்தவராகிவிடுகிறார். வேகமான பேச்சில் எதிர்மறை ஈறு விழுங்கப்படுவது மிகச் சாதாரணம். ‘பதினஞ்சு’, ‘அம்பது’ போன்ற எண்களும், ஊர்ப்பெயர்களும், படகு, வலை வகைகளின் பெயர்களும் இதே ஆபத்தில் உள்ளவை.

அதனால் என் சரிபார்ப்பு இரண்டு சுற்றாக இருக்கும். முதல் சுற்றில் முழு ஒலியையும் இயல்பான வேகத்தில் ஓடவிட்டு எழுத்தைக் கண்ணால் தொடர்வேன். இரண்டாவது சுற்றில் எண், பெயர், எதிர்மறை வரும் இடங்களுக்கு மட்டும் போய், எழுத்தைப் பார்க்காமல் முதலில் காதால் கேட்டு, பிறகு ஒப்பிடுவேன். எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் எழுதியிருப்பதுதான் காதில் விழும். மூன்று முறை கேட்டும் பிடிபடாத இடத்தில் ஊகித்து எழுதாமல் ‘கேட்கவில்லை 00:14:32’ என்று நேரத்தோடு குறித்துவிட்டு நகர்வது நல்லது; நேர்காணல் எடுத்தவருக்கு அது பெரும்பாலும் நினைவிருக்கும். oTranscribe போன்ற இலவசக் கருவியில் Ctrl+J அழுத்தினால் நேரக்குறி தானாக விழும்.

இந்த வேலைக்குப் பெரும்பாலும் சில நாள் அவகாசம் கிடைக்கும். கன்டெய்னர் லாரிகள் விடிய விடிய ஓடும் சாலையோரத்தில் குடியிருப்பவர்களுக்கு அது பெரிய வசதி, ஏனென்றால் சத்தம் குறைந்த நேரத்துக்குச் சரிபார்ப்பைத் தள்ளி வைக்கலாம். காதை முழுவதும் மூடும் ஹெட்போன் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

கேப்ஷன் வேலையில் எழுத்தோடு நேரமும் பொருந்த வேண்டும், இடமும் பொருந்த வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் தன் ஆங்கில வழிகாட்டியில் ஒரு வரிக்கு 42 எழுத்து, ஒரே சமயத்தில் இரண்டு வரி, ஒரு கேப்ஷன் திரையில் அதிகபட்சம் ஏழு விநாடி என்று வரையறுக்கிறது. பலரும் இதையொட்டிய அளவைத்தான் கேட்கிறார்கள். ஒரு கேப்ஷன் ஃபைலில் இப்படி இருக்கும்:

```
47
00:03:12,400 --> 00:03:15,900
கடலில் எண்ணெய் கலந்த பிறகு
மூன்று வாரம் வலை போடவில்லை.
```

இதன் முதல் தமிழ் வரியில் நம் கண்ணுக்குத் தெரிவது இடைவெளியோடு 18 எழுத்து. யூனிகோடில் புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனிக் குறிகள் என்பதால், அப்படி எண்ணும் மென்பொருள் இதையே 26 என்று காட்டும். தமிழ் வரி நீளமாகிவிட்டது என்று கருவி எச்சரிக்கும்போது, எதை எண்ணச் சொல்கிறார்கள் என்று கேட்காமல் வாக்கியத்தை வெட்டத் தொடங்கினால் நல்ல வாக்கியங்கள் வீணாகும்.

பன்னிரண்டு நிமிட வீடியோவுக்குத் தமிழ் கேப்ஷன், நிமிடத்துக்கு 60 ரூபாய் என்றால் 720 ரூபாய். எழுத 84 நிமிடம், நேரம் பொருத்த 48, சரிபார்க்க 24, ஆக இரண்டரை மணிநேரத்துக்குச் சற்று மேல். மணிக்கு ஏறத்தாழ 277 ரூபாய். அதே வீடியோவின் தமிழ்ப் பேச்சுக்கு ஆங்கில வரிகள் போட்டு நிமிடத்துக்கு 120 ரூபாய் வாங்கினால் 1,440 ரூபாய். எழுதும் நேரம் 120 நிமிடமாக உயர்ந்தாலும் மொத்தம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம், மணிக்கு 450 ரூபாய். மூன்று வழிகளிலும் இதுவே உயர்ந்த மணிக்கூலி. ஆனால் வேலை விட்டுவிட்டுத்தான் வரும். வெளியீட்டுத் தேதி நெருங்கியபின் ஒரே நாளில் வேண்டும் என்பார்கள். வீடியோவின் எடிட்டிங் கடைசி நேரத்தில் மாறினால் பொருத்திய நேரம் முழுவதும் இடம் மாறும். இறுதி எடிட்டிங் முடிந்த வீடியோவைத்தான் வாங்குவேன் என்பதையும், அதற்குப் பின் வரும் மாற்றத்துக்குத் தனிக்கூலி என்பதையும் ஒப்புக்கொள்ளும் முன் எழுத்தில் வாங்குங்கள்.

என் முடிவு இதுதான்: இரண்டு மொழியும் கைவசம் உள்ளவர் தமிழிலிருந்து ஆங்கில கேப்ஷனை முதலிலும், நேரடியாகக் கிடைக்கும் தமிழ் நேர்காணலை இரண்டாவதிலும் வைக்கலாம், காத்திருப்பையும் சேர்த்தால் மணிக்கு 290 ரூபாயில் நிற்கும் ஆங்கிலத் தளங்கள் இவை இரண்டும் வராத நாட்களை நிரப்பட்டும். எந்த வேலையை எடுப்பதற்கு முன்பும் அதன் நடுப்பகுதியிலிருந்து மூன்று நிமிடத்தைக் கேட்டு வாங்கி, கடிகாரத்தை வைத்து எழுதிப் பாருங்கள். தொடக்கம் எப்போதும் தெளிவாக இருக்கும். நடுவில்தான் குறுக்குப் பேச்சும் காற்றும் வரும். அந்த மூன்று நிமிடம் முப்பது நிமிடத்தை விழுங்கினால் பத்து மடங்கு ஆகிறது என்று பொருள். 50 ரூபாய் வீதமே கிடைத்தாலும், சரிபார்ப்பையும் சேர்த்தால் நாற்பது நிமிடத் தமிழ்ப் பதிவுக்கு எட்டு மணிநேரம் போய், மணிக்கூலி 250 ரூபாய்க்கு இறங்கிவிடும். 333 ரூபாய் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 67 ரூபாய் கேட்க வேண்டும். அதைக் கேட்க வேண்டிய நேரம் ஃபைலைத் தரவிறக்குவதற்கு முன்புதான்.